முதிர்வுப் பணத்தில் வரிக்கு உட்படுவது எவ்வளவு? மாமாவின் பாலிசியை வைத்து ஒரு கணக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் "எல்.ஐ.சி. போட்டிருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அதோடு சேர்த்துச் சொல்லும் இன்னொன்று, "அந்தப் பணத்துக்கு வரி கிடையாது" என்பது. 2003 மார்ச் 31 வரை எடுத்த பாலிசிகளைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய முழு உண்மை. அதன் பிறகு எடுத்தவற்றில் உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளப் பாலிசிப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று விவரங்கள் போதும்: பாலிசி வழங்கப்பட்ட தேதி, ஒரு வருடத்துக்கான பிரீமியம், காப்பீட்டுத் தொகை.

நான் ஜங்ஷன் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் வருமானவரிப் படிவம் போட வருகிறவர்கள் கொண்டுவரும் பையில் இந்த முதிர்வுக் காகிதம் அடிக்கடி இருக்கும். பெரும்பாலும் பிரச்சினை இல்லாத பாலிசிகள்தான். பிரச்சினை உள்ளவற்றில் மிகத் தெளிவாக அமைந்தது என் சொந்த மாமாவுடைய பாலிசி. அத்தையின் கணவர், பாளையங்கோட்டையில் ஓர் உதவி பெறும் பள்ளியில் அலுவலக உதவியாளர். அவர் சம்மதத்தோடு அந்தக் கணக்கையே இங்கே போடுகிறேன்.

மாமா 2014 டிசம்பரில், தன் 48ஆவது வயதில் அந்தப் பாலிசியை எடுத்தார். பத்து வருடத் திட்டம், வருடத்துக்கு 50,000 ரூபாய் பிரீமியம். 2024 டிசம்பரில் முதிர்வடைந்தது. போனஸ் எல்லாம் சேர்த்து 7,10,000 ரூபாய். ஆனால் வங்கிக் கணக்கில் விழுந்தது 7,05,800. மிச்சம் 4,200 ரூபாய் எங்கே என்று கேட்டுத்தான் பத்திரத்தோடு வந்தார். "வரியே இல்லைன்னு சொல்லித்தான்வே போட்டுவிட்டான். இப்பம் 4,200 ரூவாயைக் காணல. கேட்டா டி.டி.எஸ்.ங்கான்."

அந்த 4,200 ரூபாய் பெரிய விஷயமே இல்லை. அது ஏன் பிடிக்கப்பட்டது என்பதுதான் விஷயம்.

சட்டத்தின் ஏற்பாடு இப்படி. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவு, ஆயுள் காப்பீட்டிலிருந்து வரும் தொகைக்கு, போனஸ் உட்பட, முழு விலக்கு கொடுக்கிறது. அப்புறம் அதே பிரிவு ஒவ்வொரு வகையாக விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் 2012 மார்ச் 31 வரை வழங்கப்பட்ட பாலிசி என்றால், எந்த ஒரு வருடத்துக்கான பிரீமியமும் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2012 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்டதென்றால் 10 சதவீதம். உடல் ஊனமோ, சட்டம் பட்டியலிட்ட கடும் நோயோ உள்ளவர் பேரில் 2013 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிக்கு மட்டும் 15 சதவீதம். பெரிய பிரீமியக்காரர்களுக்குத் தனி வரம்பு உண்டு: 2023 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட சாதாரணப் பாலிசிகளில் வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 5 லட்சம், 2021 பிப்ரவரி 1 முதல் வழங்கப்பட்ட யூலிப்பில் இரண்டரை லட்சம். யூலிப் கணக்கே வேறு, அதை இங்கே தொடப்போவதில்லை.

கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனையில் பாதித் தேர்ச்சி என்று ஒன்று இல்லை. பிரீமியம் 11 சதவீதம் என்றால் அந்த ஒரு சதவீதத்துக்கு மட்டும் வரி என்று ஆகாது. விலக்கு மொத்தமாகப் போய்விடும். அதே சமயம் சரியாக 10 சதவீதம் என்றால் விலக்கு உண்டு. ஏனென்றால் சட்டம் கேட்பது பிரீமியம் அந்த அளவைத் தாண்டியதா என்பதைத்தான்.

மாமாவின் பத்திரத்தில் காப்பீட்டுத் தொகை 3,50,000 ரூபாய். அதாவது பிரீமியத்தைப் போல் ஏழு மடங்கு. 50,000த்தை 3,50,000த்தால் வகுத்தால் 14.29 சதவீதம். பாலிசி 2014இல் எடுத்தது, வரம்பு 10 சதவீதம். ஆகவே விலக்கு இல்லை.

இதில் ஏழு மடங்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐம்பதை ஒட்டிய வயதில் பாலிசி போட்ட நிறையப் பேர் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் கொண்டுவந்த விதிகளில், வருடா வருடம் கட்டும் பாலிசிக்குக் குறைந்தபட்ச இறப்புக் காப்பு, சேரும்போது 45 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு வருடப் பிரீமியத்தைப் போல் பத்து மடங்கு, 45ஐத் தொட்டவருக்கு ஏழு மடங்கு. வயதானவருக்கு இறப்புக் காப்பு கூட வைத்தால் பிரீமியத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும், முதிர்வில் கைக்கு வருவது குறையும். ஆகவே ஏழு மடங்கோடு நிறுத்தினால் முதிர்வுத் தொகை பார்க்க நன்றாக இருக்கும். விற்க எளிது. காப்பீட்டு விதிப்படி அந்தப் பாலிசியில் ஒரு குற்றமும் இல்லை. வரிச் சட்டம் மட்டும் வயதைப் பார்ப்பதில்லை. அதற்குப் பத்து மடங்கு வேண்டும். 2019இல் வந்த விதிகளில் எல்லா வயதினருக்குமே குறைந்தபட்சம் ஏழு மடங்கு என்று ஆகிவிட்டதால், அதன் பிறகு எடுத்தவர்கள் இளவயதினராக இருந்தாலும் பத்திரத்தைப் பார்ப்பது நல்லது.

இதே மாமா அதே 50,000 ரூபாய்க்கு 5,00,000 காப்பீட்டுத் தொகை உள்ள பாலிசி எடுத்திருந்தால், விகிதம் சரியாக 10 சதவீதம், வந்த பணம் முழுவதும் வரியில்லை. முதிர்வில் சில ஆயிரம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏஜெண்டு இதச் சொல்லவே இல்லையேவே" என்றார்.

காப்பீட்டுத் தொகை என்று எதை எடுப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய பத்திரங்களில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அடிப்படைக் காப்பீட்டுத் தொகை, இன்னொன்று இறப்பின்போது கொடுக்கப்படும் காப்பீட்டுத் தொகை. முதலாவது 3 லட்சமாகவும் இரண்டாவது 5 லட்சமாகவும் இருக்கலாம். சட்டம் கேட்பது, பாலிசிக் காலத்தில் எப்போது அந்தச் சம்பவம் நடந்தாலும் குறைந்தபட்சம் கிடைக்கும் என்று உறுதியளிக்கப்பட்ட தொகை. ஆகவே இறப்புக் காப்பு எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் காலம் முழுக்க அது குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. முதல் வருடம் பத்து மடங்கு, பிறகு அதைவிடக் குறைவு என்று அமைந்த திட்டங்களில் அந்தக் குறைந்த எண்தான் கணக்குக்கு வரும். போனஸைச் சேர்க்கக்கூடாது. மாமாவுடையதில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்ததால் குழப்பமில்லை. பிரீமியத்தை அரையாண்டாகவோ மாதமாகவோ கட்டுகிறவர்கள் ஒரு தவணையை வைத்து வகுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடத் தவணைகளையெல்லாம் கூட்டித்தான் வகுக்க வேண்டும்.

சரி, விலக்கு போய்விட்டது. அதனால் 7,10,000 முழுவதற்கும் வரியா? இல்லை. தன் பணத்தைத் திரும்ப வாங்குவதற்கு யாரும் வரி கட்ட வேண்டாம். வந்த தொகையிலிருந்து கட்டிய பிரீமியத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வருமானம். 2023-24 நிதியாண்டிலிருந்து இதற்கென்றே 56(2)(xiii) என்ற உட்பிரிவும், கணக்கிடும் முறையைச் சொல்லும் 11யுஏசிஏ விதியும் இருக்கின்றன.

காப்பீட்டுக் கம்பெனி போட்ட கணக்கு இது: 7,10,000இல் கட்டிய 5,00,000 போக 2,10,000. அதில் 2 சதவீதம் 4,200. பிடித்தம் செய்த பிரிவு 194டிஏ. 2024 அக்டோபர் 1க்கு முன் இந்த விகிதம் 5 சதவீதமாக இருந்தது. 2019 செப்டம்பருக்கு முன்னால் லாபத்தில் என்றில்லாமல் மொத்தத் தொகையிலேயே 1 சதவீதம் பிடித்தார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் போகும்.

மாமாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். 2,10,000 வருமானம், 4,200 ஏற்கெனவே பிடித்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று. இரண்டு இடத்தில் இது சரியில்லை. டி.டி.எஸ். என்பது முன்பணம், வரி அல்ல. அதைவிடப் பெரியது, அந்த 2,10,000 என்ற எண்ணே மாமாவுடைய எண் இல்லை.

ஏன் என்றால், கழிக்க வேண்டியது கட்டிய எல்லாப் பிரீமியமும் அல்ல. கட்டியதில், வேறு எந்தப் பிரிவிலும் வரிக் கழிவாகக் கேட்காத பிரீமியம் மட்டும்தான். ஒரு வருடம் 80சியில் பிரீமியத்தைக் காட்டி வருமானத்தைக் குறைத்துக்கொண்டவர், முதிர்வில் அதே பிரீமியத்தைக் காட்டி இன்னொரு தடவை குறைத்துக்கொள்ள முடியாது. யார் எந்த வருடம் 80சியில் என்ன காட்டினார் என்பது கம்பெனிக்குத் தெரியாது. அதனால் அவர்கள் முழுப் பிரீமியத்தையும் கழித்துவிட்டு டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். மீதியைக் கணக்குப் போடும் பொறுப்பு நம் தலையில்.

ஆக, பழைய படிவம் 16களைத் தேட வேண்டியதாயிற்று. மாமாவின் நல்ல குணம், எதையும் தூக்கிப் போடமாட்டார். அத்தை பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கித் தந்தாள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கரண்டு பில் அட்டை இவற்றுக்கு நடுவே பத்து வருடப் படிவம் 16உம் நூல் கோத்துக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் 80சி என்ற பகுதியில் எதெது எவ்வளவு என்று தனித்தனி வரியாக இருக்கும். அதை வைத்து ஒரு தாளில் வருட வாரியாக எழுதினோம்.

முதல் மூன்று வருடங்கள், 2014-15 முதல் 2016-17 வரை, பி.எஃப். 60,000 ரூபாய் அளவில் இருந்தது. அதோடு பாலிசிப் பிரீமியம் 50,000. இரண்டும் சேர்ந்தும் ஒன்றரை லட்ச உச்சவரம்புக்குள்தான். ஆகவே அந்த மூன்று வருடப் பிரீமியமும் முழுக்கக் கழிவாகக் கேட்கப்பட்டுவிட்டது. 2017-18இல் வீட்டுக் கடன் வந்தது. அன்றிலிருந்து 2022-23 வரை ஆறு வருடங்கள் பி.எஃப்.பும் வீட்டுக் கடன் அசலும் மட்டுமே ஒன்றரை லட்சத்தை நிரப்பிவிட்டன. பள்ளி அலுவலகத்தில் பிரீமியத்தைக் காட்டவே இல்லை. 2023-24இல் புதிய வரிமுறைக்கு மாறிவிட்டார், அதில் 80சி கிடையாது. ஆக, கழிவு கேட்டது மூன்று வருடம், 1,50,000. கேட்காதது ஏழு வருடம், 3,50,000.

7,10,000இல் 3,50,000 போக 3,60,000. வரிக்கு உட்பட்டது இதுதான். வரியில்லாத பகுதி 3,50,000. அது தற்செயலாகக் காப்பீட்டுத் தொகையும் 3,50,000 என்பதோடு ஒத்துப்போனதால் மாமா, "அப்பம் காப்பீட்டுத் தொகைக்கு வரியில்லை, மிச்சத்துக்கு வரி, அப்படித்தான?" என்று கேட்டார். அப்படி இல்லை. பத்து சதவீதச் சோதனை முடிந்த பிறகு காப்பீட்டுத் தொகைக்கு இந்தக் கணக்கில் வேலையே கிடையாது. மீதி எல்லாம் கட்டியதும் கழிவு கேட்டதும்தான்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் இருந்தது. 80சியிலும் இதே 10 சதவீத வரம்பு உண்டு. 2012 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசி என்றால் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் வரைதான் பிரீமியத்தைக் கழிவாகக் காட்ட முடியும். மாமாவுக்கு வருடத்துக்கு 35,000தான் செல்லும். பள்ளி அலுவலகத்தில் ரசீதைப் பார்த்து 50,000 என்று அப்படியே ஏற்றிவிட்டார்கள். முறையாக 35,000 மட்டும் காட்டியிருந்தால் மூன்று வருடத்தில் கேட்ட கழிவு 1,05,000 ஆகியிருக்கும், இப்போது கழிக்கக் கிடைப்பது 3,95,000 ஆகியிருக்கும், வரிக்கு உட்பட்ட தொகை 3,15,000 ஆக இறங்கியிருக்கும். "சட்டப்படி 35,000தானே கேட்கலாம், அதை மட்டும் கழிச்சுக் காட்டிருவோமே" என்றார் மாமா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. விதியில் இருப்பது கழிவாகக் கேட்காத பிரீமியம் என்பது. கேட்டது 50,000. அது படிவம் 16இலும் இருக்கிறது, வருமானவரிப் படிவத்திலும் இருக்கிறது. அன்றைக்கு அதிகமாக எடுத்துக்கொண்டதை இன்றைக்கு எடுக்காதது போல் காட்ட முடியாது.

வேறு சிலருக்கு இதைவிடக் குழப்பமாக இருக்கும். 80சியில் பி.எஃப்., பள்ளிக் கட்டணம், பிரீமியம் எல்லாவற்றையும் காட்டி 1,80,000 வந்து, ஒன்றரை லட்சத்தோடு நின்றிருக்கும். அந்த ஒன்றரை லட்சத்துக்குள் பிரீமியம் எவ்வளவு? எதை முதலில் எண்ணுவது என்று விதி வரிசை வைக்கவில்லை. சம்பளத்தில் தானாகப் பிடிபடும் பி.எஃப்.பை முதலில் வைத்து, வரம்பில் மிச்சம் இருந்த இடத்துக்குப் பிரீமியம் போனதாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். அதற்கு ஒரு தாளில் வருட வாரியாகக் கணக்கெழுதிக் கையில் வைத்திருக்கச் சொல்வேன். கேள்வி வந்தால் காட்டத் தாள் வேண்டும்.

இப்போது வரி. 2024-25இல் மாமாவின் சம்பளம், 75,000 நிலைக்கழிவு போக, 6,90,000. புதிய வரிமுறையில் அந்த வருடம் 7 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் சம்பளத்துக்கு மட்டும் என்றால் வரி பூஜ்யம். பள்ளியிலும் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. அதோடு 3,60,000 சேரும்போது மொத்தம் 10,50,000. தள்ளுபடி போய்விடுகிறது. வரி 57,500, அதில் 4 சதவீத செஸ் சேர்த்து 59,800. பிடித்திருக்கும் 4,200ஐக் கழித்தால் கட்ட வேண்டியது 55,600. கம்பெனியின் எண்ணான 2,10,000ஐ வைத்துப் போட்டிருந்தால் வரி 41,600தான் வந்திருக்கும். வித்தியாசம் 18,200 ரூபாய். படிவம் 26ஏஎஸ்ஸில் 194டிஏ என்று பதிவு இருப்பதால் பாலிசிப் பணம் வந்தது துறைக்குத் தெரியும். பழைய வருடங்களில் கேட்ட 80சியும் அவர்களிடமே இருக்கிறது.

மாமா வந்தது ஜனவரியில், அது நல்லதாகப் போயிற்று. டி.டி.எஸ். போக வருட வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்கூட்டியே கட்ட வேண்டும், மார்ச் 15 கடைசித் தவணை. ஜூலை வரை காத்திருந்தால் ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறிக்கொண்டே போகும். முதிர்வுப் பணத்தில் 60,000த்தை எடுத்து வைக்கச் சொன்னேன். அதற்குள் அத்தை அதில் பாதிக்கு மேல் நகைக்குக் கணக்குப் போட்டிருந்தாள் என்பது வேறு கதை.

வங்கியில் விழுந்த தொகையை வைத்து யாரும் கணக்கு ஆரம்பிக்க வேண்டாம். டி.டி.எஸ். போனது மட்டுமல்ல, பாலிசி மேல் கடன் வாங்கியிருந்தால் அசலும் வட்டியும் அங்கேயே பிடித்துக்கொண்டு மிச்சம்தான் வரும். கடனைத் தீர்த்ததும் நமக்கு வந்த பணத்தில்தான், ஆகவே பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தத் தொகையை எடுக்க வேண்டும். கம்பெனி அனுப்பும் முதிர்வுக் கடிதத்தில் அது தனி வரியாக இருக்கும். பிரீமியத்தையும் ரசீதில் பிரீமியம் என்று போட்டிருக்கும் எண்ணையே எடுக்கிறேன், அதன் மேல் கட்டிய ஜி.எஸ்.டி.யைச் சேர்ப்பதில்லை. இடையிடையே பணம் தரும் மணிபேக் பாலிசி இந்தச் சோதனையில் தோற்றால், முதல் தவணை வந்தபோது கழித்துக்கொண்ட பிரீமியத்தை அடுத்த தவணையில் மறுபடி கழிக்க முடியாது. அதற்குப் பிறகு கட்டிய, கழிவு கேட்காத பிரீமியம் மட்டும்தான்.

டி.டி.எஸ். பிடிக்காததால் வரியில்லை என்றும் முடிவுகட்டக்கூடாது. ஒரு வருடத்தில் வந்தது 1 லட்சத்துக்குக் கீழே என்றால் பிடிக்கவே மாட்டார்கள். சோதனையில் தோற்ற பாலிசி என்றால் அப்போதும் லாபம் வரிக்கு உட்பட்டதுதான். ஒரே தடவை மொத்தமாகக் கட்டும் பாலிசிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். 50,000 கட்டி 62,500 காப்பீட்டுத் தொகை என்றால் விகிதம் 80 சதவீதம். அது எந்த வரம்பிலும் தேறாது.

அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மாமாவுக்கு எதாச்சும் ஆயிருந்தா அந்தப் பணத்துக்கும் வரி கட்டியிருக்கணுமாலே?" என்று கேட்டாள். மாமா முறைத்தார். கேள்வி என்னவோ சரியான கேள்விதான். இறப்பின் பேரில் நாமினிக்கு வரும் தொகைக்கு இந்த 10 சதவீதம், 20 சதவீதம் எதுவும் பொருந்தாது, விகிதம் எதுவானாலும் முழு விலக்கு. கம்பெனிகள் தங்கள் முக்கிய ஊழியர் பேரில் எடுக்கும் கீமேன் பாலிசி போன்ற சில மட்டும் இதற்கு வெளியே.

அப்புறம் தன் பாலிசியையும் எடுத்துக் கொடுத்தாள். 2011 ஆகஸ்டில் எடுத்தது, வருடத்துக்கு 24,000, காப்பீட்டுத் தொகை 1,50,000. விகிதம் 16 சதவீதம். மாமாவுடையதை விட மோசமான விகிதம், ஆனால் 2012 ஏப்ரலுக்கு முந்தையது என்பதால் வரம்பு 20. அது 2026 ஆகஸ்டில் முதிர்வடைகிறது. அதற்குள் 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கும், பாலிசி வழங்கிய தேதியை வைத்துப் பார்க்கும் முறை அப்படியே தொடர்கிறது. வருவது முழுவதும் வரியில்லாத பணம். அந்த வருடம் அவள் படிவம் போட்டால் விலக்குப் பெற்ற வருமானம் என்ற பகுதியில் காட்டிவிட்டால் போதும். தவறுதலாக டி.டி.எஸ். பிடித்துவிட்டால் படிவம் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும் என்பதால், முதிர்வுக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய், பாலிசி எந்த விகிதத்தில் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.